நகராத பத்தி

தென்காசியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முத்துவடிவு கம்ப்யூட்டர் ஆபரேட்டர். போன வருடம் சூப்பிரண்டு பால்வண்ணநாதன் தன் தப்பை அவள் தலையில் கட்டி, எல்லார் முன்னாலும் அழவைத்திருந்தார்.

இப்போது கல்லூரியின் புதிய மென்பொருளில் மாணவர், ஆசிரியர், ஊழியர் என முந்நூறு பேரை ஒரே எக்செல் கோப்பாக ஏற்ற வேண்டும். பட்டியலை அவர்தான் தயாரித்தார். பெயரையும் மின்னஞ்சலையும் அகரவரிசைப்படுத்தியவர், பக்கத்திலிருந்த 'பொறுப்பு' (ரோல்) பத்தியை மட்டும் நகர்த்தாமல் விட்டுவிட்டார். முதலாமாண்டு மாணவன் மாரிராஜுக்கு நேரே 'ஆசிரியர்', பால்வண்ணநாதனுக்கு நேரே 'மாணவர்' என்றிருந்தது.

ஏற்றும் முன் மென்பொருள் செய்யும் சோதனையில் பிழை ஏதும் வரவில்லை. 'ஆசிரியர்' என்ற பொறுப்பு இருக்கிறதா என்றுதான் மென்பொருள் பார்க்கும். அது யாருக்கு என்று அதற்குத் தெரியாது. முத்துவடிவுக்குத் தெரிந்தது.

"சார், ரோல் எல்லாம் ஒருவாட்டி பாத்துட்டு மெயில்ல ஓகே போடுங்க."

"ஏட்டி, எனக்கே சொல்லித் தருதியா? பேசாம ஏத்து!"

பார்க்காமலே 'ஓகே' அனுப்பினார். அவள் ஏற்றினாள்.

மறுநாள், மென்பொருளில் ஆசிரியராகிவிட்ட மாரிராஜ் அதன் வழியே வகுப்புக்கு விடுமுறை அறிவித்துவிட்டான். எல்லாரும் குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள். பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் மெயிலைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற பால்வண்ணநாதனுக்கு முகம் வெளுத்தது.

"உம்மை நம்பித்தானவே குடுத்தேன்?" என்றார் பிரின்சிபால்.

முந்நூறு வரியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் புதிய பட்டியல் போடும் வேலை முத்துவடிவிடமே வந்தது. சாயங்காலம்வரை ஆனது. அவளுக்கு அலுக்கவே இல்லை.