அட்டை எடுங்க

இரவுக் காப்பகப் பொறுப்பாளருக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். அன்று மாலையும் பதிவேட்டைத் திறந்த கையோடு, எதிரே நின்ற பெரியவரிடம், "அடையாள அட்டை எடுங்க" என்றார். ரயிலில் பையைப் பறிகொடுத்து வந்தவர், "பையோட போச்சு, தம்பி" என்றார். அட்டை எண்ணுக்கான கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பொறுப்பாளர் நிமிர்ந்தபோது பெரியவரைக் காணோம்.

அட்டை இல்லாதவருக்கும் அங்கே படுக்கை உண்டு. பெயர் சொன்னால் போதும். அதைச் சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்?

மறுநாள் மதியம், இலவசமாகச் சாப்பாடு போடும் சமுதாயச் சமையற்கூடத்தில் பெரியவரைப் பார்த்ததும் பொறுப்பாளர் அவரிடம் ஓடினார்.

"ராத்திரி எங்கய்யா தங்கினீங்க?"

"பிளாட்பாரத்துல."

"அட்டை இல்லாட்டியும் இடம் உண்டுய்யா. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்களே!"

பெரியவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"இங்க 'பசிக்குதா'ன்னு கேட்டாங்க, தம்பி. நின்னுட்டேன்."