போட்டோ தானாக எடுக்குமா?

வீட்டில் அவளுக்குக் கரெக்‌ஷன் என்று பெயர். வைத்தது கட்டிய கணவன். கடைப் பலகையில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால்கூடப் போதும், நடு ரோட்டில் நின்றுவிடுவாள். பஸ் போனாலும் போகட்டும் என்பாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இங்கிலீஷ் டீச்சராக இருந்த பழைய பள்ளிக்கூடத்தில் தாளாளர் மேடையில் தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசி இறங்க, இவள் நாலு பேர் எதிரில் போய், "சார், அந்த இடத்துல அப்படி வராது" என்று ஆரம்பித்தாள். வேற வினை வேண்டுமா? அந்த வருஷத்தோடு சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

அதுக்கப்புறம் டியூஷன் சென்டர் டியூஷன் சென்டராக அலைந்து நாய்படாத பாடு பட்டாள். இன்றைக்கு ஒரு நல்ல பள்ளியில் நிரந்தர வேலைக்கு டெமோ வகுப்பு. பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிடித்தால் வேலை.

"உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு ஒரு நாள் வாயை அடக்கிக்கிட்டு வா" என்று கணவன் வாசலில் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "பெரியவங்க என்ன சொன்னாலும், சரிங்கன்னுட்டுப் போயேன். உன் சொத்தா குறைஞ்சிடும்?"

அவளுக்கும் அலைந்து அலைந்து அலுத்துப் போயிருந்தது. "சரி" என்றாள்.

ஒன்பதாம் வகுப்பு. பின்பெஞ்சில் தலைமையாசிரியையும், பக்கத்தில் அந்தப் பள்ளியின் மூத்த இங்கிலீஷ் சாரும். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கல்லுளிமங்கன்.

இவள் சாக்பீஸைக் கையில் எடுத்ததும் பயமெல்லாம் பறந்துவிட்டது. அது ஒரு கைராசி.

முன்பெஞ்சுப் பையனைப் பார்த்து, "என்னப்பா, தலை பளிச்சுனு இருக்கு?" என்றாள்.

"நேத்துதான் முடி வெட்டினேன் டீச்சர்."

"நீயேவா வெட்டின?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "சலூன்ல டீச்சர்!"

"பார்த்தீங்களா, நம்ம பேச்சுல வெட்டினேன்னாலே சலூன்காரர் வெட்டினார்னு புரிஞ்சுக்குவோம். 'வீடு கட்டினேன்'னு சொல்றவர் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். இங்கிலீஷ்ல போய் I cut my hair-னு சொன்னா, கண்ணாடி முன்னாடி நின்னு நீயே கத்தரிக்கோலைப் பிடிச்சேன்னுதான் நினைப்பாங்க. அடுத்தவரை வச்சுச் செஞ்சா, இப்படி" என்று பலகையில் எழுதினாள்: I got my hair cut. அதன் கீழே, I had my hair cut. "ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். got கொஞ்சம் பேச்சு வழக்கு. பொருள் நடுவுல வரணும், அதை மறக்காதீங்க. இடம் மாத்தி I had cut my hair-னு எழுதினா, திரும்பவும் கத்தரிக்கோல் உன் கைக்கே வந்துடும்."

ஜன்னலோரம் ரெட்டைச் சடை போட்ட பெண் எழுந்தாள். வாயாடி என்பது பார்த்தாலே தெரிந்தது. "டீச்சர், அதான் வெட்டி முடிச்சாச்சே. அப்ப cutted-னு வரணும்ல?"

"cutted-னு ஒரு வார்த்தையே கிடையாதும்மா. cut, cut, cut. மூணும் ஒரே மாதிரி இருக்கிறதால இது எத்தனாவதுன்னு கண்ணுக்குத் தெரியல. வேற வினைச்சொல்லைப் போட்டுப் பார்த்தா குட்டு உடைஞ்சிடும். take, took, taken." பலகையில் எழுதினாள்: I had my photo taken. "took இல்லை, take இல்லை. மூணாவது. அப்ப மேலே இருக்கிற cut-ம் மூணாவதுதான்."

ரெட்டைச் சடை திருப்தியாக உட்கார்ந்தாள். இவளுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு வகுப்பு அமைந்து!

அப்போதுதான் கல்லுளிமங்கன் வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்மா. I had the photographer take my photo. இது சரியா?"

"சரிதான் சார்."

"அதுல take வருது. அதே had. இங்க மட்டும் எப்படி taken வரும்? I had my photo take. அதுதான் சரி. பிள்ளைங்களுக்குத் தப்பா நடத்துறீங்க."

பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. போட்டோக்காரர் எடுக்கிறவர், அதனால் அவருக்குப் பின்னால் take. போட்டோ எடுக்கப்படுகிறது, அதனால் அதற்குப் பின்னால் taken. அவ்வளவுதான் விஷயம், இரண்டே வாக்கியம். ஆனால் மேடையிலிருந்து இறங்கிய தாளாளரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. வாசலில் கும்பிட்டவனும் வந்து நின்றான்.

"சார் சொல்றது சரிதான்" என்றாள். "கவனிக்காம விட்டுட்டேன்."

டஸ்டரை எடுத்து taken என்பதை அழித்தாள். take என்று எழுதினாள்.

ரெட்டைச் சடை விடுவாளா? "டீச்சர், போட்டோக்காரர் எடுப்பாரு. போட்டோ எப்படி எடுக்கும், தானாகவா?"

அடிப்பாவி, கரெக்டாகப் பிடித்துவிட்டாளே!

"இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா. எழுதிக்கோ" என்றாள் இவள். மொத்த வகுப்பும் குனிந்து எழுதியது.

மணி அடித்ததும் தலைமையாசிரியை தன் அறைக்கு அழைத்துப் போய் உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"டெமோ எடுக்க வர்ற எல்லார்கிட்டயும் சார் ஒரு தப்பான கேள்வி கேட்பார். இது எங்க வழக்கம். சிலர் அவரோட மல்லுக்கு நிப்பாங்க. சிலர், பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்பாங்க. ரெண்டும் எங்களுக்குச் சம்மதம்தான்."

இவள் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களை மாதிரி அந்தப் பாடத்தை நடத்தி நான் பார்த்ததில்லை. விடையும் உங்களுக்குத் தெரியும், முகத்துலயே தெரிஞ்சது. தெரிஞ்சே அழிச்சீங்க பாருங்க, அதுதான்மா எனக்கு உதைக்குது. இந்த வேலையை உங்களுக்குத் தர முடியாது."

கெஞ்சலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எந்த முகத்தோடு கெஞ்சுவது? "அந்த வரியைத் திருத்தணுமே மேடம்" என்றாள்.

"சார் போயிருக்கார். எப்பவும் அவரே போய்ச் சரி பண்ணிட்டு வந்துடுவார்."

வெளியே போகிற வழி அந்த வகுப்பைத் தாண்டித்தான். உள்ளே ஒரே கூச்சல்.

"taken தான் சரி. நான் வேணும்னேதான் மாத்திக் கேட்டேன்" என்று சார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், take தான்! டீச்சர் அழிச்சிட்டு எழுதினாங்க!"

எல்லோரையும்விட உரக்கக் கத்தியது ரெட்டைச் சடை. "எனக்கும் முதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு சார். ஆனா டீச்சருக்குத் தெரியாதா? அவங்களுக்கு எல்லாம் தெரியுது சார்!"

வேலை இல்லை என்றபோதுகூட வராத அழுகை இப்போது முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே நழுவிவிடலாம், யாரும் பார்க்கவில்லை. அவள் உள்ளே போனாள்.

"சார் சொல்றதுதான் சரி. taken" என்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ கேட்டியே, அதுவும் சரி. போட்டோ தானா எடுக்காது. நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்மா. வேலை கிடைக்காமப் போயிடுமோன்னு பயந்துக்கிட்டு அப்படிச் சொல்லிட்டேன்."

வகுப்பு சட்டென்று அடங்கியது. ரெட்டைச் சடை தன் நோட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப மேலே நீங்க நடத்தினதெல்லாம்? அதெல்லாம் சரியா டீச்சர்?"

"சரிதாம்மா. எல்லாம் சரி."

அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு மெல்லத் திரும்பி, சாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் உட்கார்ந்தாள்.