பெயர் போடாதவர்களுக்கு

மூன்றாவது மாடி அக்காவுக்கு ‘ரெசிப்பி அக்கா’ என்று பெயர் வைத்தது நான்தான். அவள் இணையத்தில் ஒரு சமையல் தளம் நடத்துகிறாள். சும்மா சொல்லக் கூடாது, சமையல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போட்டோ எடுத்து முடிக்கிற வரை யாரும் தொடக் கூடாது. எடுத்து முடிப்பதற்குள் ஆறிப்போய்விடும். ஆறிப்போனதைத் தின்று கருத்து சொல்கிற வேலை தரைத்தள வீட்டுக்காரியான எனக்கு.

அக்காவுக்கு ஒரே மகள். அவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், “அந்த ஆளோட போனா இந்த வாசல்ல கால் வைக்காதே” என்று அக்கா கத்தினாள். அதைக் கேட்க நான் கதவருகே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை, மூன்று மாடிக்கும் சேர்த்துத்தான் கத்தினாள். மகள் போய்விட்டாள். போன் நம்பர் மாறிவிட்டது. அதன் பிறகு இரண்டரை வருடம் அக்கா அவளைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

தளம் கொஞ்சம் வளர்ந்ததும், செய்திமடல் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வெப்சைட்காரரைப் பிடித்து வந்தாள். நாற்பது வயதிருக்கும் மனிதர், தலை நிமிர்ந்து பேச மாட்டார், லேப்டாப்பைப் பார்த்தேதான் பதில் சொல்வார். அவர் விளக்கினார்: யாராவது மெயில் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்தால், உடனே ஒரு வரவேற்பு மெயில் தானாகப் போகும். இரண்டாம் நாள் அக்காவின் கதை. நாலாம் நாள் எல்லாருக்கும் பிடித்த சமையல் குறிப்புகள். ஏழாம் நாள் ஒரு கேள்வி. பத்தாம் நாள் அவள் எழுதிய மின்புத்தகத்துக்குத் தள்ளுபடி. ஐந்து மெயிலையும் ஒரு தடவை எழுதி வைத்தால் போதும், யார் எப்போது சேர்ந்தாலும் அவரவர் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு வைத்து அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

“அப்போ அக்கா தூங்கும்போதும் கடிதம் எழுதுவாங்கன்னு சொல்லுங்க” என்றேன்.

“ஆமாங்க” என்றார் லேப்டாப்பிடம்.

பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். “மெயில் ஆரம்பத்துல அவங்க பேர் தானா வந்து விழும். ஆனா பேர் கட்டாயம் இல்லன்னு வெச்சிருக்கோம். பேர் போடாதவங்களுக்கு அந்த இடத்துல என்ன வரணும்?”

“நண்பரேன்னு போடுங்க” என்றேன்.

“ஏண்டி, ஓட்டுக் கேக்கவா போறேன்?” என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்தாள். “கண்ணுன்னு போடுங்க தம்பி.”

மகளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் பெயர் கேட்டதற்குக்கூட ‘கண்ணு’ என்றே சொல்லிவிட்டாள் என்று ஒரு கதை உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதாவது எனக்கும் அடக்கம் வரும்.

ஏழாம் நாள் கேள்வியை அக்கா தானே எழுதினாள்: ‘உங்கள் சமையலறையில் உங்களுக்கு என்ன கஷ்டம்? இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். நானே படிப்பேன், நானே பதில் எழுதுவேன்.’ வெப்சைட்காரர் பாராட்டினார். ஆட்கள் பதில் போட்டால் அடுத்தடுத்த மெயில்கள் குப்பைப் பெட்டிக்குப் போகாமல் இருக்குமாம். பதில்கள் தளத்தின் பெயரிலுள்ள முகவரிக்கு வரும், அங்கிருந்து அக்காவின் சொந்த மெயிலுக்கு வந்து சேரும்படி செய்துவிட்டேன் என்றார். “உங்களுக்கு ஒரு லிங்க் வரும். அதை ஒரு தடவை அமுக்கிடுங்கக்கா.”

லிங்க் வந்தது. அக்கா என்னிடம் காட்டினாள். அந்த மாதம்தான் என் கொழுந்தனார் ஏதோ லிங்க்கை அமுக்கி ஏமாந்து, வீடே இழவு வீடு மாதிரி இருந்தது.

“அமுக்காதேக்கா. தெரியாத லிங்க்கை அமுக்கவே கூடாது” என்றேன்.

“தம்பி சொன்ன லிங்க்கா இருக்குமோ?”

“தம்பி பேரு எங்க இருக்கு அதுல? முழுக்க இங்கிலீஷ்ல மிரட்டுது. அழிச்சிடு.”

அழித்துவிட்டாள். என்னைப் பார்த்து முறைக்க வேண்டாம், நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அக்காவின் அலட்டலைப் பார்க்க வேண்டுமே. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். “முதல் மெயிலை நூத்துல அறுபது பேர் திறந்து பாக்கறாங்கடி” என்று படிக்கட்டில் நிறுத்திச் சொல்வாள். நான் கூப்பிட்டால் என் வீட்டில் நூற்றில் பத்துப் பேர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பேன். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு: யாரும் பதில் எழுதவில்லை.

“ஆயிரம் பேர்ல ஒருத்திக்குக் கூடவா அடுப்படியில கஷ்டம் இல்ல?”

“எல்லாம் ஹோட்டல்ல வாங்கித் திங்கறாங்க போல” என்றேன்.

போன மாதம் ஏதோ புதுப்பிக்க வேண்டும் என்று வெப்சைட்காரர் வந்தார். யார் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் போய் உட்கார்வது வழக்கம். அக்கா தன் குறையைச் சொன்னாள். அவர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

“பதிலே வரலியா? ஒண்ணு கூடவா?” லேப்டாப்பில் எதையோ திறந்தார். “அக்கா, இருநூத்துப் பன்னெண்டு இங்க இருக்கு. ஒண்ணும் படிக்கல. அந்த லிங்க்கை நீங்க அமுக்கவே இல்லியா? அதை அமுக்கினாத்தானே உங்க மெயிலுக்கு வரும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்கா உரக்கப் படித்தாள். ஒருத்தி மாமியாரை அடுப்படியிலிருந்து வெளியேற்ற வழி கேட்டிருந்தாள். ஒருவர் வெங்காயம் வதங்குவதற்குள் தனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது என்றார். இன்னொருத்தி, ‘என்னைக் கண்ணு என்று கூப்பிட நீங்கள் யார்?’ என்று சண்டைக்கு வந்திருந்தாள். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அடுத்ததை அக்கா உரக்கப் படிக்கவில்லை. திரையில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

‘அம்மா, பேர் போடாமதான் சேர்ந்தேன். எப்படிக் கண்டுபிடிச்சே? கண்ணுன்னு பாத்ததும் ஆபீஸ் பாத்ரூம்ல போய் உக்காந்துட்டேன். கோவம் போயிடுச்சா?’

முதல் மெயிலுக்கு வந்த பதில். தேதி ஏழு வாரம் பழையது.

“இன்னும் இருக்கா பாருங்க தம்பி” என்றாள்.

அந்த முகவரியை இட்டுத் தேடினார். இன்னொன்றும் இருந்தது. ஏழாம் நாள் கேள்விக்கு.

‘கஷ்டம் என்னன்னு கேட்டிருக்கே. சமையல்ல ஒண்ணுமில்லம்மா. நீ சொன்னது சரிதான், அவ்வளவுதான் இப்ப எழுத முடியும். நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா? வான்னு ஒரு வார்த்தை எழுது, கிளம்பிடறேன். இந்த ஆபீஸ் மெயிலுக்கே எழுது. வீட்டு மெயில அவர் பாப்பார்.’

அதற்கு மூன்றாம் நாள் அவளுக்கு என்ன போயிருக்கும் என்று கணக்குப் போட எனக்கே முடிந்தது. ‘கண்ணு, மூன்று நாட்களுக்கு மட்டும்! என் மின்புத்தகம் பாதி விலையில்!’ அந்த ஆச்சரியக்குறி இரண்டையும் போடச் சொன்னது நான்.

வெப்சைட்காரர் சந்தாதாரர் பட்டியலில் மகளின் பக்கத்தைத் திறந்தார். பத்தாம் நாள் மெயிலைத் திறந்திருக்கிறாள். நாலு நிமிடம் கழித்து விலகியிருக்கிறாள். விலகுகிறவர்களிடம் காரணம் கேட்கிற பெட்டி ஒன்று உண்டு. ‘மெயில்கள் அதிகம்’, ‘எனக்குப் பயன்படவில்லை’ என்று வரிசையாக இருப்பதில் ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தாள்: ‘பதில் வரும்னு நினைச்சேன்.’

“திரும்பச் சேத்துடுங்க” என்றாள் அக்கா.

“முடியாதுக்கா. விலகினவங்களை நாம சேர்க்க முடியாது. அவங்களே வந்து சேர்ந்தாத்தான் உண்டு. நீங்க உங்க சொந்த மெயில்ல இருந்து தனியா எழுதுங்க. அதுக்குத் தடையில்ல.”

எழுத உட்கார்ந்தாள். ‘கண்ணு’ என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள்.

“என்னக்கா?”

“இப்படித்தானேடி அஞ்சு தடவை போயிருக்கு. இதையும் மெஷின்னுதானே நினைப்பா?”

“பேரைப் போட்டு எழுது.”

“பேர் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதே இல்லியே. பேரப் போட்டா இன்னும் கோவம்னு நினைப்பா.”

வெப்சைட்காரர், யாரும் கேட்காமலே, கட்டணத்தில் கால்வாசியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தார். கடைசியில் அக்கா எப்படியும் கூப்பிடாமல், மேலே ஒன்றும் எழுதாமல், நேராக ஆரம்பித்தாள்: ‘இது நான்தான். நானே அடிக்கிறேன். வா. இப்பவே வா. உன் ரூம்ல போட்டோ விளக்கெல்லாம் வெச்சிருக்கேன், எடுத்துடறேன்.’ அனுப்பினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அக்காவின் போனில் மெயில் வந்த மணி அடித்தது. அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். “பாத்தியா, காத்துக்கிட்டு இருந்திருக்கா” என்று என் கையைப் பிடித்தாள். நான் போனை வாங்கிப் படித்தேன், போனின் சின்ன எழுத்து கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது.

‘வணக்கம். நான் இந்த நிறுவனத்தில் இப்போது பணியாற்றவில்லை. அலுவல் சார்ந்த தேவைகளுக்குக் கீழுள்ள முகவரியைத் தொடர்புகொள்ளவும். நன்றி.’

“எப்ப வரேன்னு சொல்றா?” என்றாள் அக்கா.

நான் இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை வெப்சைட்காரர் தன் பையை மூடிக்கொண்டார். இதுவும் தானாக வருகிற பதில்தான் என்று அவர் சொல்லத் தேவையில்லாமல் போனது.

மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தோம். வேலையை விட்டு ஒரு மாதம் ஆகிறது, எங்கே என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்ல முடியாது என்றாள் ஒருத்தி. தாய் என்று சொன்னதற்கு, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாள். கல்யாணமாகிப் போன வீட்டின் விலாசம் அக்காவுக்குத் தெரியாது. வாங்கி வைத்துக்கொள்கிற மனநிலையில் அவள் அப்போது இல்லை.

வெப்சைட்காரர் இன்னொரு நாள் வந்து, ‘கண்ணு’வை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அக்கா கூடாது என்றாள். “வேற மெயில்ல இருந்து சேர்ந்தா? எடுத்துட்டா என்ன நினைப்பா?” அவர் என்னைப் பார்த்தார். வாதாட எனக்கும் தெம்பில்லை.

இப்போது அக்கா சமைப்பது குறைந்துவிட்டது. காலையில் எழுந்ததும் புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலைத் திறக்கிறாள். பெயர் போடாதவர்களாகப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே எழுதுகிறாள்: ‘நீ யார்? நீயாக இருந்தால் சொல்லு.’ போன வாரம் மட்டும் முப்பத்தெட்டுப் பேர் விலகிவிட்டார்கள். காரணப் பெட்டியில் ‘பயமாக இருக்கிறது’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நான் அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், நடக்கவில்லை.

இன்று ஒரு பதில் வந்தது. கூப்பிட்டனுப்பினாள், ஓடினேன். ‘நான் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். மனைவி போன வருடம் இறந்துவிட்டாள். முட்டை வேகவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?’

அக்கா அதை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, ‘தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். பத்து நிமிடம்’ என்று அடித்து அனுப்பிவிட்டு, பட்டியலில் அடுத்த முகவரிக்குப் போனாள்.