போட்டது பத்து, கிடைத்தது பதினைந்து

அந்த ஆய்வகத்தில் தரப் பொறுப்பாளர் அம்மாளுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'எக்ஸ்ரே'. இரண்டும் அவருக்குத் தெரியும். பால்காரர் ஊற்றும் பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கணவருக்குச் சர்க்கரை ஏறிய நாளிலிருந்து சமையலறைச் சர்க்கரை டப்பாவின் பின்பக்கம் பேனாவால் கோடு போட்டு வைப்பார். "திருடன கூட்டிட்டு வந்து குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்பார் கணவர். "திருடனா இருந்தா பரவாயில்லை, ராத்திரி மட்டும்தான் எடுப்பான்" என்பார் எக்ஸ்ரே.

அப்படிப்பட்டவருடைய மேசைக்கு இயக்குநரின் 'மின்னல் முறை' வந்து சேர்ந்தது.

இயக்குநர் தன் பெயருக்கு முன்னால் உள்ள 'டாக்டர்' பட்டத்தை யாராவது விட்டுவிட்டால் இருமிக் காட்டுகிறவர். குழந்தைகளுக்கான கஞ்சி மாவில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, பழைய முறையில் மாவை அடர் அமிலத்தில் போட்டு, மூடிய கலத்தில் கொதிக்கவைத்து, தெளிந்த நீராக்கிய பிறகுதான் கருவிக்குள் விட வேண்டும். முழு நாள் போய்விடும். மின்னல் முறையில் நீர்த்த அமிலத்தை ஊற்றி, பத்து நிமிடம் குலுக்கி, வடிகட்டி, அப்படியே கருவிக்குள். "உலகமே நம்மளத் திரும்பிப் பார்க்கும்" என்றார் இயக்குநர். உலகத்துக்கு முன்னால் கஞ்சி மாவுக் கம்பெனி திரும்பிப் பார்த்துவிட்டது. கிடங்கில் ஒரு லோடு மாவு காத்திருந்தது. மின்னல் முறை ஒரு தரம் பார்த்ததில் ஈயம் வரம்புக்குக் கீழே. எக்ஸ்ரே சரிபார்ப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டால், லோடு வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடைகளுக்குப் போய்விடும்.

எக்ஸ்ரேயின் தங்கச்சி அதே மாவைத்தான் கைக்குழந்தைக்குக் கிண்டுகிறாள். முகமெல்லாம் கஞ்சி அப்பிய படம் தினமும் செல்போனில் வரும்.

புது முறை வந்தால் அதனிடம் மூன்று கேள்வி கேட்பது வழக்கம். தெரிந்த அளவு ஈயத்தை நாமே மாவில் போட்டால், போட்டது திரும்பக் கிடைக்கிறதா? ஒரே மாவைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒரே விடை வருகிறதா? ஈயம் எவ்வளவு என்று சான்றிதழோடு விற்கிற மாவு ஒன்று உண்டு, சான்றுப் பொருள் என்பார்கள். அதைக் கொடுத்தால் சான்றிதழில் உள்ள விடையைச் சொல்கிறதா?

மின்னல் முறை மூன்றுக்கும் மார்தட்டிப் பதில் சொல்லியிருந்தது. போட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிடைத்தது. ஆறு தடவை செய்ததில் ஆறும் அச்சில் வார்த்தாற்போல ஒன்று. சான்றுப் பொருள் சான்றிதழோடு தசமப் புள்ளிக்குப் பின்னால்கூட ஒத்துப்போனது.

எக்ஸ்ரே அறிக்கையை முதலிலிருந்து இன்னொரு தரம் புரட்டினார். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்த பையனைப் பக்கத்து பெஞ்சில் யார் என்று கேட்கிற அம்மா அவர். ஆய்வகத்தில் எதுவும் இவ்வளவு அழகாக நடக்காது. தராசுக்குப் பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டாலே எடை மாறும்.

சந்தேகம் நேராக மருமகன்மேல் போய் உட்கார்ந்தது. மருமகன் என்றால் இயக்குநரின் அக்கா மகன். வீட்டில் 'மாமா', ஆய்வகத்தில் 'சார்', அவசரத்தில் 'மாமாசார்'. வேலை முழுவதையும் செய்தவன் அவன்தான்.

"இந்த ஆறும் ஆறு தனித்தனி எடையா?" என்று கேட்டார்.

"ஆறு ரீடிங் மேடம்."

"ரீடிங் கேக்கல. மாவை ஆறு தடவை எடை போட்டு, ஆறு தடவை குலுக்கி, ஆறு தடவை வடிகட்டினியா?"

மருமகன் காதைச் சொறிந்தான். "ஒரு தடவை குலுக்கினோம். அந்தத் தண்ணியையே ஆறு தடவை மெஷின்ல விட்டோம். சார்தான் நேரம் மிச்சம்னு…"

"ஒரே பானையில ஆறு கரண்டி எடுத்துட்டு, ஆறு நாள் சமையலும் ஒரே ருசின்னு சொல்றீங்க. நடுவுல சமைக்கவே இல்லையேப்பா!"

அதையாவது திரும்பச் செய்யச் சொல்லலாம். சான்றுப் பொருள்தான் உறுத்தியது. எக்ஸ்ரே குளிர்பெட்டியைத் திறந்து அந்தச் சின்னக் குப்பியை எடுத்தார். முத்திரை உடைத்தது அவர்தான். உடைத்த அன்றே சர்க்கரை டப்பா பழக்கத்தில் குப்பிமேல் ஒரு கோடும் போட்டிருந்தார். சோதனைக்குத் தேவை மூன்று சிட்டிகை. மட்டமோ கோட்டிலிருந்து இரண்டு விரல் இறங்கியிருந்தது.

தங்கத்துக்குப் பக்கத்து விலைக்கு விற்கிற மாவு அது. யாரும் கஞ்சி காய்ச்சிக் குடிக்க மாட்டார்கள். கொட்டிவிட்டார்களா? அல்லது வேறு எதையோ அளந்துவிட்டு, தடயத்தை மறைக்க இதைச் சாக்கடையில் போட்டார்களா? அன்று முழுவதும் மருமகனின் குப்பைத்தொட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். அவன் தேநீர் குடிக்கப் போனால் இவரும் தேநீர் குடிக்கப் போனார். அவன் கைகழுவப் போனபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

கடைசியில் பொறுக்காமல் குப்பியை அவன் முன்னால் வைத்தார். "இது எங்கப்பா போச்சு? உண்மையச் சொல்லு. கொட்டியிருந்தா கொட்டினேன்னு சொல்லு, திட்டிட்டு விட்டுடறேன்."

"ஐயோ, ஒரு துளி கொட்டல மேடம். கேலிப்ரேஷனுக்குத்தான் போச்சு."

"என்னது?"

கருவிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஈயம் இவ்வளவு இருந்தால் இவ்வளவு சைகை என்று முதலில் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுதான் கேலிப்ரேஷன். வழக்கமாக, சுத்தமான ஈயக் கரைசலை வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். மருமகன் தொடர்ந்தான்: "முதல்ல அப்படித்தான் மேடம் செஞ்சேன். போட்ட ஈயம் தொண்ணூத்தொம்போது வந்துச்சு. ஆனா சான்றுப் பொருள் நூத்துக்கு அறுபத்தஞ்சுலயே நின்னுடுச்சு. சார் கிட்ட சொன்னேன். 'மாவுக்கு மாவையே வெச்சு கேலிப்ரேட் பண்ணணும்டா, அதுதான் அறிவியல்'னார். அதான் இந்த மாவையே நாலஞ்சு அளவுல எடுத்து, குலுக்கி, அதை வெச்சு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தேன். அப்புறம் அதே மாவை அளந்தேன். கரெக்டா வந்துடுச்சு. அந்தத் தொண்ணூத்தொம்போதை மட்டும் பழசையே ரிப்போர்ட்ல விட்டுட்டோம்."

"வராம?" என்றார் எக்ஸ்ரே. "வாத்தியார் தன் விடைத்தாளைத் தானே திருத்தினா நூறு வராம என்ன வரும்?"

மருமகன் கண்ணில் களவு இல்லை, குழப்பம்தான் இருந்தது. காலையிலிருந்து அவன் பின்னாலேயே அலைந்தது எக்ஸ்ரேக்கு உறைத்தது. "உன்னத் தப்பா நெனச்சுட்டேன்பா" என்றார்.

"பரவாயில்ல மேடம். மாமா சொன்னா வீட்ல யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டோம். அம்மாவே கேக்க மாட்டாங்க."

மறுநாள் முழுவதும் இருவரும் சேர்ந்து சான்றுப் பொருளையும் கிடங்கு லோடு மாவையும் பழைய முறையில் கொதிக்கவைத்துப் பார்த்தார்கள். விடையை எக்ஸ்ரே யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தங்கச்சிக்குப் போன் செய்தார்.

"அந்த மாவை நிறுத்து."

"ஏன்க்கா? உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்."

"ஆமா. நிறுத்து."

வெள்ளிக்கிழமை கஞ்சிக் கம்பெனி மேலாளர் வந்தார். கூட்ட அறையில் 'மின்னல் முறை' என்று பெரிய பேனர், பக்கத்தில் ஒரு கேக். இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். அதில் மாவு நான்கு தடவையும் 'நான்' நாற்பது தடவையும் வந்தன. முடித்துவிட்டு, "மேடம், ஒரே ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டினார்.

"போடறேன் சார். அதுக்கு முன்னாடி விருந்தாளிக்கு மெஷினைக் காட்டலாமே. காலையிலேயே எல்லாம் குலுக்கி ரெடியா இருக்கு."

புகழ் என்றால் எங்கே வேண்டுமானாலும் நடந்து வருவார் இயக்குநர். எல்லோரும் கருவி முன்னால் நின்றார்கள். சார் சொன்னபடியே சான்றுப் பொருளை வைத்துக் கேலிப்ரேஷன். அதே சான்றுப் பொருளை அளந்தபோது சான்றிதழ் விடை அப்படியே வந்தது. மேலாளர் கைதட்டினார்.

"இப்ப கேலிப்ரேஷனை மாத்தாம, ஈயம் போட்ட மாவை விடுப்பா" என்றார் எக்ஸ்ரே.

இயக்குநரின் புன்னகை லேசாக ஆடியது. மருமகன் விட்டான். போடாத மாவின் அளவைக் கழித்துவிட்டுத் திரையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"நூத்தி அம்பத்திநாலு சதவீதம், மாமாசார்."

"என்ன அர்த்தம்?" என்றார் மேலாளர்.

"பத்து போட்டோம், பதினஞ்சு கிடைச்சிருக்கு" என்றார் எக்ஸ்ரே. "சார், நாம ஆய்வகம் நடத்தல, ஈயச் சுரங்கம் நடத்தறோம்."

"மெஷின் கோளாறு!"

"அப்ப சுத்தமான கரைசலுக்கு மாத்தலாம்."

மாற்றினார்கள். போட்டது தொண்ணூற்றொன்பது வந்தது. இயக்குநர் மூச்சுவிட்டார். அடுத்து சான்றுப் பொருள், இந்தத் தடவை மூன்று தனித்தனி எடை. அறுபத்தைந்து, அறுபத்தொன்று, அறுபத்தேழு.

"ஒரே அளவுகோல வெச்சு ரெண்டையும் அளந்தா, ரெண்டுல ஒண்ணு கவுந்துடுது சார். நாம போடற ஈயம் மாவு மேல சும்மா உக்காந்திருக்கு. அமிலம் பட்டதும் எழுந்து வந்துடும். மாவுக்குள்ளயே ஊறினது அப்படி வராது. உங்க பத்து நிமிஷக் குலுக்கல்ல மூணுல ஒரு பங்கு உள்ளேயே தங்கிடுது. பழைய முறையில இதே குப்பி தொண்ணூத்தெட்டு குடுக்குது."

இயக்குநர் சளைக்கவில்லை. "அப்ப எப்பவும் சான்றுப் பொருளை வெச்சே கேலிப்ரேட் பண்ணிட்டாப் போச்சு!"

"எல்லா மாவும் இதே அளவுதான் உள்ள பிடிச்சு வெச்சுக்கும்னு யார் எழுதிக் குடுத்தா? அப்புறம் அதைச் சரிபார்க்க எந்தக் குப்பிய எடுப்பீங்க?"

மேலாளர் இவ்வளவு நேரமும் வேறு கணக்கில் இருந்தார். மெல்ல முன்னால் வந்தார். "ஒண்ணு கேக்கறேன் மேடம். ரெண்டுல எது கம்மியா காட்டும்?"

"மின்னல்தான்."

"அப்ப எங்களுக்கு அதுவே போதும்."

எக்ஸ்ரே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பா வயித்துக்குள்ள எந்த கேலிப்ரேஷன் போடுவீங்க சார்? அங்க குலுக்கறது பத்து நிமிஷத்தோட நிக்காது." பிறகு கையிலிருந்த தாளை நீட்டினார். "உங்க லோடைப் பழைய முறையில செஞ்சாச்சு. வரம்புக்கு மேல இருக்கு."

மேலாளர் கேக்கைக்கூடப் பார்க்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார். லோடை நிறுத்தச் சொல்கிறாரா, வேறு ஆய்வகம் தேடுகிறாரா என்று எக்ஸ்ரேக்குச் சந்தேகம் வந்தது. அதனால் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அதே தாளை ஒரு பிரதி எடுத்து, ரசீதோடு அனுப்பிவைத்தார்.

இயக்குநர் மீண்டு எழக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே அந்த அறுபத்தஞ்சு மேல ஒரு சந்தேகம்" என்று கூட்ட அறைக்குத் திரும்பி வந்து அறிவித்தார். "மேடம் கையால அது வெளிய வரணும்னுதான் காத்திருந்தேன்." மருமகன் பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏணிமேல் நின்றபடியே அவன் சிரித்தது மாமாவுக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரே பேனாவை எடுத்தார். 'முறை தகுதி பெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குப்பியைக் குளிர்பெட்டிக்குக் கொண்டுபோகும் முன், இறங்கிய மட்டத்தில் புதிதாக ஒரு கோடு போட்டார்.

"இன்னுமா மேடம்?" என்றான் ஏணியிலிருந்து மருமகன்.

"உன்ன இல்லப்பா," என்றார் எக்ஸ்ரே, இயக்குநர் அறைக் கதவைப் பார்த்தபடி.

இரவு வீட்டில் தங்கச்சியிடமிருந்து படம் வந்திருந்தது. குழந்தை முகத்தில் இன்று வாழைப்பழம்.