ஒன்பதாவது மீட்டர்

ஆற்றின் குறுக்கே வரப்போகும் பாலத்துக்குத் தூண் ஊன்றும் இடங்களில் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று, துளை போடுவதற்கு முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும். அவளும் அண்ணனும் நடத்திய சிறிய நிறுவனத்துக்கு அந்த வேலை கிடைத்திருந்தது. ஆட்களிடம் பேசுவது அண்ணன், கருவிகளோடு மல்லுக்கட்டுவது அவள். கேபிள் இழுப்பவர்கள் அவளை டாக்டரம்மா என்பார்கள். மண்ணுக்கு ஈசிஜி எடுக்கிறாளாம். மணமுறிவுக்குப் பிறகு மகளோடு வந்து நின்றவளுக்கு அண்ணன் தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்திருந்தான். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே அவனை எதிர்த்து அவளுக்கு வாய் வராது.

முதலில் அதிர்வு ஆய்வு. தரையில் வரிசையாக, அதிர்வை உணரும் ஜியோபோன்களைக் குத்தி, இரும்புத் தட்டின் மேல் சம்மட்டியால் அடித்தார்கள். அதிர்வு ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் நேரத்தை வைத்துக் கடினமான அடுக்கின் ஆழத்தைக் கணக்கிடலாம். ஆறு மீட்டரில் பாறை என்று வந்தது. அண்ணன் நின்ற இடத்திலிருந்தே பாலப் பொறியாளருக்குப் போன் போட்டுவிட்டான். பாறைக்குள் மூன்று மீட்டர் போனால் போதும், ஒன்பதில் நிறுத்திவிடலாம் என்று அவரும் துளை போடும் ரிக்கை வரச் சொல்லிவிட்டார்.

மின்தடை ஆய்வு அதற்குப் பிறகுதான் முடிந்தது. மண்ணில் அடித்த கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தி, அது எங்கே சுலபமாகப் பாய்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று அளக்கும் முறை. பாறை முரண்டு பிடிக்கும், ஈரக் களிமண் விட்டுக்கொடுக்கும். திரையில் படம் விரிந்தது. ஆறு மீட்டரில் பாறை இருந்தது. ஆனால் இன்னும் சில மீட்டர் கீழே மின்சாரம் தாராளமாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

அதிர்வுப் பதிவுகளை மறுபடி திறந்தாள். தூரத்து ஜியோபோன்களில் அலை மெலிந்து, பிறகு சட்டென்று தாமதமாகியிருந்தது. மெல்லிய பாளத்தில் ஓடும் அலை அப்படித்தான் பாதியில் செத்துப்போகும். கெட்டியான அடுக்குக்கு அடியில் மென்மையான அடுக்கு ஒளிந்திருந்தால் அதிர்வு முறைக்கு அது தெரியவே தெரியாது. அதற்குள் இறங்கும் அலை இன்னும் கீழேதான் வளையும், அங்கிருந்து மேலே திரும்பாது. என்றோ எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பாளமாக இருக்கலாம். அதற்கடியில் பழைய ஆற்றின் சேறு.

இல்லாமலும் போகலாம். வெடிப்புகளில் உப்புநீர் நிறைந்த பாறையும் இப்படித்தான் காட்டும். அங்கேதான் அவள் கை கட்டப்பட்டிருந்தது.

அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டு, அச்செடுத்த படத்தை அண்ணனிடம் காட்டினாள்.

"உப்புத் தண்ணியா இருக்கலாம்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்குக் குட்டையைக் குழப்பற?"

"தண்ணியா சேறான்னு துளைச்சாத்தாண்ணா தெரியும். ஒன்பதுல நிறுத்தினா கடைசிவரைக்கும் தெரியாது."

"நான் சொன்னது சொன்னதுதான். மாத்திப் பேசினா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான்? வீட்ல ஆறு பேர் சாப்பிடுறோம்."

அந்த ஆறில் அவளும் மகளும் இருந்தார்கள். அவன் அப்படிக் கணக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி உடம்புக்கு என்ன என்று கேட்டபோது தலைவலி என்று சமாளித்தாள்.

ரிக் ஓடத் தொடங்கிய அன்று ஒன்பது மீட்டரில் மேலே வந்த பாறைத் துண்டு கறுகறுவென்று, விரிசலே இல்லாமல் இருந்தது. அண்ணன் அதைக் கையில் ஏந்தி, ஆபரேட்டரிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னான். அவளைப் பார்த்துச் சிரித்தான். சமாதானச் சிரிப்பு. அதை ஏற்றுக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் பக்கத்தில் நிற்கும்போதே பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"சார், ஆறு மீட்டர்ல பாறை இருக்கு, அது நிஜம். ஆனா அது முடிவு இல்லைன்னு மின்தடைப் படம் சொல்லுது. என் சந்தேகம் தப்பாவும் இருக்கலாம். தயவுசெஞ்சு ரிக்க நிறுத்தாதீங்க."

அண்ணன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பொறியாளர் தொடரச் சொன்னார். பதினொன்றைத் தாண்டியதும் துளைக்கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. துளையிலிருந்து சாம்பல் நிறச் சேற்றுநீர் பொங்கியது. உண்மையான பாறை இருபத்திரண்டில்தான் கிடைத்தது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, எல்லாத் தூண்களின் இடத்தையும் நீளமான கேபிள் போட்டு மின்தடையும், கனமான எடையைக் கீழே போட்டு அதிர்வும் என்று இரண்டு முறையிலும் மறுபடி பார்க்கச் சொன்னார். எங்கள் நிறுவனத்தில் எதையும் இரண்டு முறையில் பார்க்காமல் விடமாட்டோம் என்று அண்ணன் அவரிடம் பெருமையாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு வீட்டில் அவளிடம் அவன் பேச்சு அண்ணி வழியாகவே வந்தது. சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தனியாக வீடு பார்த்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்று அவளே அவனிடம் போய்ச் சொன்னாள்.

"எங்க போவ? எல்லாத் தூணுக்கும் நீ கையெழுத்துப் போட்டாத்தான் ஒத்துப்பேங்கிறார் அந்த இன்ஜினியர். வேலை முடிய ரெண்டு வருஷம் ஆகும்." குரலில் கோபமில்லை. "நீதான இழுத்து விட்ட. முடிச்சுக் குடு."

அவள் மாடிக்குப் போனாள். மகள் கட்டில் முழுக்கப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். வீடு பார்த்தாச்சா அம்மா, எனக்குத் தனி மேசை உண்டா என்று கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அவள் புத்தகங்களை ஓரமாக ஒதுக்கி உட்கார இடம் பண்ணிக்கொண்டாள்.