முந்நூறுக்கு மேல போகக் கூடாது

ஒரு மனுஷன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எங்கோ தூரத்தில் ஒருத்தி நிம்மதியாக மூச்சு விடுகிறாள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வெரோனிகாவுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிற அவள், வேலைக்கு நடுநடுவே போனை எடுத்து உழவர்கரை வீட்டு ஹாலைப் பார்ப்பாள். அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன கேமரா, அப்பா அமலநாதனைக் காட்டும். போன வருஷம் லேசாக ஒரு பக்கவாதம் வந்து போன ஆள் அவர். இடது கால் இன்னும் இழுக்கிறது. பகலெல்லாம் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார்.

அந்தக் கேமராதான் ஒருநாள் அவளை ஏமாற்றியது. மத்தியானம் முழுக்கப் பார்த்தாள், அப்பா டீ டம்ளரோடு நாற்காலியில் இருந்தார். நல்லா இருக்காரு என்று வேலையில் மூழ்கிவிட்டாள். சாயந்திரம் கதவைத் திறந்தால் மனுஷன் குளியலறைத் தரையில் கிடக்கிறார்! வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய். அவள் பார்த்தது எப்போதோ வந்து அப்படியே உறைந்து நின்ற படம். எலும்பு முறியாமல் தப்பித்தது மாதா புண்ணியம். ஆனால் அன்றைக்கு ஏறிய பயம் இறங்கவே இல்லை.

மாடியில் குடியிருக்கும் ஃபரீஹாவுக்கும் இதே தொல்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை. கீழ்வீட்டு இன்டர்நெட் லைனைத்தான் இரண்டு வீடும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

"நான் பேசறது அவங்களுக்கு அறுந்து அறுந்து கேக்குதாம் அக்கா. மேனேஜர் கடிச்சுத் துப்புறாரு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு இறங்கி வந்தாள். வேகத்தை அளந்து பார்த்தாள். வெளியிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற வேகம் சுமார். வீட்டிலிருந்து வெளியே ஏறுகிற வேகம் பார்த்தால் சுத்த மோசம். ஒவ்வொரு சாதனமாக அணைத்துக்கொண்டே வந்தாள். டிவி, போன்கள், கேமரா. ஒன்றும் மாறவில்லை. கடைசியில் அமலநாதனின் கம்ப்யூட்டரை நிறுத்தியதும் வேகம் காட்டும் முள் விர்ரென்று ஏறியது.

கிழவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணுமே எறக்கலையேம்மா! ஒரு மாசமா ஒரு ஃபைலு எறக்கல."

"எறக்கல அங்கிள், ஏத்துறீங்க."

அதுதான் விஷயம். அமலநாதன் அந்தக் காலத்தில் மைக்செட் வைத்திருந்தவர். கோயில் திருவிழாக்களில் தானே எடுத்த பேண்டு வாத்தியம், பாட்டு, தேர் பவனி வீடியோ எல்லாம் மலைபோல வைத்திருந்தார். பிரான்சில் இருக்கும் தம்பி மகன்தான், நம் கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைலை யார் வேண்டுமானாலும் நேராக எடுத்துக்கொள்ளும் டோரண்ட் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து வைத்திருக்கிறதையெல்லாம் உலகத்துக்குப் பந்தி வைத்துவிட்டார். எடுக்கிற ஆட்களின் பக்கத்தில் குட்டிக்குட்டியாகக் கொடி தெரியும். பிரான்சு, ரீயூனியன் தீவு, எப்போதாவது கனடா. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டால் எல்லாம் நின்றுபோய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அது எங்கே நின்றது? திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு மாதிரி ஒளிந்துகொண்டு, ராப்பகலாக அனுப்பிக்கொண்டே இருந்தது.

"எறங்குறதுக்கு நாலுவழிச் சாலை போட்டிருக்காங்க அங்கிள். ஏர்றதுக்கு ஒத்தையடிப் பாதை. கேமரா படமும் என் குரலும் அந்தப் பாதையிலதான் போவணும். நீங்க பூரா அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள் ஃபரீஹா. "எறக்குறதுக்குக்கூட, வந்து சேந்துடுச்சுன்னு ஒரு பதில் இங்கருந்து ஏறிப் போவணும். அது மாட்டிக்கிச்சுன்னா எறங்குறதும் தவங்கும்."

அப்லோடு அளவைக் குறைக்கச் சொல்லிவிட்டு அவள் வேலைக்கு ஓட, வெரோனிகாதான் டோரண்டில் அந்த அளவு எழுதும் கட்டத்தில் எண்ணைப் போட்டாள். எதுக்கு வம்பு, ஒண்ணுமே போக வேணாம் என்று பூஜ்யம் போட்டாள். மறுநாள் படம் மறுபடி உறைந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பா மேல் பாய்ந்தாள்.

"கைய வச்சீங்களா?"

"தொடவே இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்கப்பா! நான் நிறுத்திட்டுதான போனேன்."

ஃபரீஹா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இதுல பூஜ்யம்னா கட்டுப்பாடே இல்லன்னு அர்த்தம். நீங்கதான் கதவத் தொறந்து விட்டிருக்கீங்க." வெரோனிகாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்பாவிடம் மன்னிப்பு கேட்டாளா என்றால், இல்லை. காபி போட்டுக் கொடுத்தாள்.

ஃபரீஹா உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அளந்தால் லைனில் ஏறுகிற வேகம் ஐந்து மெகாபிட், அதாவது ஐயாயிரம் கிலோபிட். டோரண்ட் கேட்கிற எண் கிலோபைட்டில். எட்டால் வகுத்தால் அறுநூற்றுச் சொச்சம் வரும். "அதுல பாதிதான் அங்கிளுக்கு. மீதி கேமராவுக்கும் எனக்கும். முந்நூறுக்கு மேல போகக் கூடாது." ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்து எடுக்கலாம் என்பதையும் குறைத்து வைத்தாள். படம் தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தது. அப்பா மூக்கு சொறிவது, சுவரில் தினசரிக் காலண்டர் தாள் மின்விசிறிக் காற்றில் படபடப்பது வரைக்கும் போனில் தெரிந்தது.

ஒரு வாரம்தான். அப்புறம் ஒருநாள் படம் நின்றது. இந்தத் தடவை நிஜமாகவே கிழவர்தான் கைவைத்திருந்தார்.

"ரீயூனியன்ல ஒருத்தன் பாதியில நிக்கிறாம்மா. என்கிட்ட மட்டுந்தான் முழுசா இருக்கு. நான் மெதுவா குடுத்தா அவன் எப்ப முடிப்பான்? பந்தியில உக்காந்தவன பாதி எலையில எழுப்புறதா?"

"அவன் எலையப் பாருங்க, நல்லாப் பாருங்க! நீங்க கீழ விழுந்து கெடந்தா எனக்கு எப்படிப்பா தெரியும்? ஆபீஸ்ல எப்படி உக்காந்திருக்கேன்னு தெரியுமா உங்களுக்கு? உயிரக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தியம் பண்ணுங்க. வில்லியனூர் மாதா மேல."

அமலநாதன் மகள் முகத்தையே பார்த்தார். "மாதா மேல சத்தியம். இனி தொடமாட்டேன்" என்றார். அவரே எண்ணை மாற்றி, முந்நூறு என்று உரக்கப் படித்துக் காட்டினார்.

அந்த வியாழக்கிழமை கம்பெனிக்கு ஆடிட்டர் வந்திருந்தார். வெரோனிகாவின் மேஜையில் பில்கள் குவிந்து கிடந்தன. காலை டீ வந்தபோது போனைத் திறந்தாள். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை மவுஸ் மேல் இருந்தது. தலை லேசாகக் குனிந்திருந்தது. சரி, கொடி பார்க்கிறார் என்று வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாள். அதே கை, அதே குனிந்த தலை. மறுபடி பார்த்தாள், இம்மிகூட மாறவில்லை.

அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. மாதா மேல் சத்தியம் பண்ணிவிட்டு இந்த வேலை! கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. போன தடவை கட்டுப்பாட்டை எடுத்துவிட்டபோதும் இப்படித்தான், திட்டு விழும் என்று போனை எடுக்காமல் இருந்தார். தெரியாதா அவளுக்கு? ஃபரீஹாவைக் கீழே போய்ப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அவள் ஷிஃப்டில் இருக்கிற நேரம், அப்பா மறுபடி கைய வச்சிட்டாரு என்று எந்த முகத்தோடு சொல்வது? மாடிப்படி ஓரம் போய் நின்று அப்பாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"மாதாவையே ஏமாத்திட்டீங்க இல்ல? ரீயூனியன்காரன்தான் முக்கியம், நான் எக்கேடு கெட்டா என்ன? சாயந்திரம் வந்து அந்த டப்பாவையே தூக்கிக் குப்பையில போடறேன்."

சொன்னதும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆடிட்டர் கூப்பிட்டார், போனாள். மத்தியானச் சாப்பாடுகூட நின்றபடிதான். நடுவில் ஒருமுறை போனைத் திறந்தாள், உறைந்த படத்தைப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள், கவிழ்த்து வைத்தாள்.

ஆடிட்டர் கிளம்பிப் போனபின்தான் நிதானமாக உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். அப்பா அப்படியே இருந்தார். கை மவுஸ் மேல். தலை மட்டும் காலையில் பார்த்ததைவிட இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தது போலத் தோன்றியது. உறைந்த படத்தில் தலை எப்படிச் சரியும்?

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். காலண்டர் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. படத்தின் மூலையில் நேரம், நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது.

படம் உறையவில்லை. காலையிலிருந்து ஒரு நொடிகூட உறையவில்லை.

மாடிக்குப் போன் போட்டாள். "ஃபரீஹா, கீழ போ! சாவி உன்கிட்ட இருக்குல்ல, போடி, அப்பா..."

மறுபடி கேமராவைத் திறந்தாள். சிறு திரையில் கதவு திறந்தது. ஃபரீஹா ஓடி வந்தாள். அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாய் கோணியிருந்தது. ஃபரீஹா கேமராவைப் பார்த்து ஏதோ கத்தினாள். எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு வெரோனிகா ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் முன்னமே வந்திருந்தது. மூச்சு இருந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. ஃபரீஹா வராந்தாவில் அழுதுகொண்டு நின்றாள். அவள் கையில் அமலநாதனின் போன் இருந்தது. அதில் கேட்கப்படாத குரல் செய்தி ஒன்று.

"அக்கா, அங்கிள் முன்னாடி கம்ப்யூட்டர் தொறந்தே இருந்துச்சு, பாத்தேன். முந்நூறுலயேதான் இருக்கு. அங்கிள் தொடவே இல்ல."

வெரோனிகா அந்தப் போனை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர், அவசரத்தில் இருந்தார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. ரத்தக்கட்டியக் கரைக்க ஊசி இருக்குது. ஆனா ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? வீட்ல யாரும் இல்லியா, பாக்குறதுக்கு?"

"காலையில டீ நேரத்துலயே இப்படித்தான் டாக்டர் உக்காந்திருந்தாரு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

"டீ நேரத்துலன்னு எப்படித் தெரியும்? யாரு பாத்தது?"

"நான்தான்" என்றாள் வெரோனிகா. "காலையிலேர்ந்து நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."