மருதமுத்து பட்டறையைப் பற்றிக் கேட்டால்

பக்கத்து வீட்டு ருக்மணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"டீச்சர், எங்க காடி மக்கர் பண்ணுது. மருதமுத்துகிட்ட விடலாமா? உங்களுத எப்படிச் செஞ்சாரு?"

கேட்டாளே ஒரு கேள்வி!

என் கணவர் ஜெயபாலன் செகாமட் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸர். எனக்கு இங்கே காஜா பேராங்கில் பள்ளிக்கூட வேலை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தும், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட ஊரடங்கு அந்தப் பக்கம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் எஸ்டேட் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை வருகிறவர் ஞாயிறு மூன்று மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும்.

பல ஞாயிறுகளில் எங்கள் மோரிஸ் கார் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்க வேண்டும், சத்தமே வராது. அவர் சைக்கிளில் பக்கத்துத் தெங்கேராவுக்குப் போய் நண்பர் கடையிலிருந்து எஸ்டேட் துரைக்குப் போன் செய்வார். மறுநாள் விடிந்ததும் காடி சமர்த்தாகக் கிளம்பும். எனக்கு ஓர் இரவு கூடுதலாகக் கிடைத்ததில் கொள்ளை சந்தோஷம்தான். ஆனால் இதே வண்டி காட்டு ரோட்டில் நின்றால்? வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்புதான்.

போன மாதம் அவர் போன் செய்யப் போன நேரம் பார்த்து மருதமுத்துவைக் கூப்பிட்டேன்.

"பம்ப்ல பாயிண்ட் கருகிப்போச்சு டீச்சர். புதுப் பம்ப்னா நாப்பது வெள்ளி ஆகும். எதுக்கும் பாயிண்ட மட்டும் மாத்திப் பாக்குறேன்."

மாற்றினார். பம்ப் டிக் டிக்கென்றது. பன்னிரண்டு வெள்ளிதான் வாங்கினார். வாங்கியவர் சும்மா போயிருக்கலாம்.

"சார் ஏன் இத்தன நாள் கஷ்டப்பட்டாரு? பம்ப ஸ்பேனரால லேசா ஒரு தட்டு தட்டினா அப்போதைக்கு ஓடிரும்னு தீபாவளிக்கே காட்டிக்குடுத்தேனே!"

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. தட்டாமல் இருக்க மட்டும் வந்திருக்கிறது.

அவர் ராத்திரிச் சமையலுக்கு மீனோடு, சிரித்த முகமாக வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக். கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லா செஞ்சிருக்காரு" என்றார்.

"துரைகிட்டதான் சொல்லியாச்சே. இன்னிக்கு ஒரு நாள் இருங்களேன்."

"காடி கிளம்பலன்னுல்ல சொன்னேன் விஜயா. இப்பக் கிளம்புதே."

போய்விட்டார். மீனை நான் ஒருத்தியாகப் பொரித்துத் தின்றேன்.

ருக்மணி இன்னும் பதிலுக்காக நின்றாள்.

"நல்ல வேலைக்காரர். சொன்னது நாப்பது, வாங்கினது பன்னெண்டு. அதுக்கப்புறம் காடி ஒரு ஞாயித்துக்கிழமகூட நிக்கல."

"அப்போ விடலாம்ங்கறீங்க?"

"உங்க வீட்டுக்காரர் தினமும் வீட்டுக்கு வர்றவர்தானே? தாராளமா விடுங்க."